பேருந்து நேரத்திலிருந்து பின்னோக்கி

காலையில் எத்தனை மணிக்கு எழுகிறீர்கள் என்று எந்த வீட்டில் கேட்டாலும் உடனே ஒரு மணியைச் சொல்லிவிடுவார்கள். ஐந்தரை என்பார் ஒருவர். ஆறு என்பார் மற்றொருவர். அந்த நேரத்தை எப்படி முடிவு செய்தீர்கள் என்று தொடர்ந்து கேட்டால்தான் விடை வருவதில்லை. பழக்கம் என்பார்கள், அல்லது, "அப்போது எழுந்தால் சரியாக இருக்கும்" என்பார்கள். சரியாக இருக்கிறதா என்பதை ஏழு மணிக்கு மேல் அவ்வீட்டு வாசலில் நின்று பார்த்தால் தெரிந்துவிடும். ஒரு கையில் இட்டலியும் மறு கையில் காலுறையுமாக ஒரு சிறுமி ஓடுவாள். பின்னாலேயே சீப்போடு அவள் அன்னை ஓடுவார்.

மனையியல் வகுப்பைச் சேர்ந்த நாங்கள், எங்கள் பள்ளிப் பேருந்தில் வரும் இரு சகோதரியரின் இல்லத்தை எடுத்துக்கொண்டு, அவ்வீட்டாரின் ஒத்துழைப்புடன் காலை நேரத்தைக் கணக்கிட்டுப் பார்த்தோம். திருச்சியில் உறையூர்ப் பக்கத்துத் தெரு ஒன்றில் அமைந்த சிறிய வீடு அது. தந்தை, தாய், தந்தையின் தாயாரான அப்பாயி, ஒன்பதாம் வகுப்பில் பயிலும் மூத்தவள், நான்காம் வகுப்பில் பயிலும் இளையவள் என ஐவர் வசிக்கின்றனர். குளியலறை ஒன்றே; கழிப்பறை தனியாக உள்ளது. தாயும் வேலைக்குச் செல்பவர். பெரியவர்கள் இருவரும் எட்டேகால் மணிக்குப் புறப்பட்டால் போதும். ஆகவே அந்த வீட்டை விட்டு முதலில் கிளம்ப வேண்டியவர்கள் பிள்ளைகள் இருவருமே.

எழும் நேரத்தில் தொடங்கி முன்னோக்கிக் கணக்குப் போட்டால், ஒவ்வொரு வேலையும் தனக்கு வேண்டிய நேரத்தை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் கடைசி வேலைக்குத் தள்ளிவிடும். அந்தக் கடைசி வேலை பெரும்பாலும் சாப்பாடாகவே இருக்கும். மாறாக, பேருந்து நேரத்தில் தொடங்கிப் பின்னோக்கி வந்தால், சாப்பாட்டுக்கு உரிய நேரத்தை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். எழும் நேரம் கணக்கின் விடையாகத் தானே வந்து சேரும். பெரிய தொழிற்சாலைகளின் பணிகளை இவ்வாறு முடிவிலிருந்தும் கணக்கிட்டுப் பார்க்கும் ஒரு முறையை 1957-ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் டுபாண்ட் நிறுவனத்தில் உருவாக்கினார்கள். 'கிரிட்டிக்கல் பாத்' என்பது அதன் பெயர். ஒன்றையொன்று தொடரும் வேலைகளில் மிக நீண்ட சங்கிலி எதுவோ, அதுவே முழு வேலையின் நேரத்தையும் தீர்மானிக்கிறது என்பது அதன் சாரம். அடுக்களைக்கும் இது பொருந்தும் என்பதைப் போகப் போகக் காண்போம்.

முதலில் பேருந்து. அட்டையில் போட்டிருக்கும் நேரம் 7.40. ஆனால், மூத்தவள் பத்து நாட்கள் தன் குறிப்பேட்டில் பேருந்து வந்த நேரத்தைக் குறித்து வந்தாள். பெரும்பாலான நாட்களில் 7.38-க்கும் 7.42-க்கும் இடையில் வந்தது. ஒரு நாள் 7.49. ஒரு நாள் 7.36. இந்தக் கடைசி எண்தான் நமக்கு முக்கியம். முந்தைய நிறுத்தத்தில் இரண்டு மூன்று பிள்ளைகள் விடுப்பு எடுத்தால், அல்லது ஒரு வகுப்புக்கு மட்டும் விடுமுறை விட்டால், வண்டி அங்கெல்லாம் நிற்காமல் வந்துவிடுகிறது. தாமதமாக வரும் பேருந்தால் நமக்குச் சற்றுக் கால் வலிக்கும், அவ்வளவுதான். முன்னதாக வரும் பேருந்தோ நம்மை விட்டுவிட்டுப் போய்விடும். எனவே அட்டை நேரத்தையோ சராசரி நேரத்தையோ நம்பாமல், கண்ட நேரங்களில் மிக முந்தியதைக் கொண்டு, அதற்கு ஒரு நிமிடம் முன்பாக, 7.35-க்கு நிறுத்தத்தில் நிற்க வேண்டும் என்று வைத்துக்கொண்டோம்.

வீட்டிலிருந்து நிறுத்தம் வரை நடக்க எவ்வளவு நேரம்? "நாலே நிமிடம்" என்றார் தந்தை. அவருடைய கால்களுக்கு அது உண்மை. புத்தகப் பை சுமந்த ஒன்பது வயதுச் சிறுமியோடு நடந்து பார்த்தபோது ஏழு நிமிடம் ஆயிற்று. குழுவாக நடக்கும்போது மிக மெதுவாக நடப்பவரின் வேகமே எல்லோருடைய வேகமும். ஆகவே 7.28-க்கு வாசற்படி தாண்ட வேண்டும்.

அதற்கு முன் காலணியும் காலுறையும் அணிந்து, பையை மாட்டி, தண்ணீர்ப் புட்டியை எடுத்து, அடையாள அட்டையைக் கழுத்தில் போட வேண்டும். இதற்கு இரண்டு நிமிடம் போதும் என்பதே எல்லோருடைய எண்ணமும். முதல் நாள் கடிகாரத்தை வைத்துப் பார்த்தபோது ஒன்பது நிமிடம் ஆனது. அணிவதற்கு உண்மையாகவே இரண்டரை நிமிடந்தான் ஆகிறது. மீதியெல்லாம் ஒற்றைக் காலுறையின் இணையைத் தேடுவதில் கழிந்தது. பொருள்கள் அனைத்தும் வாசலருகே ஒரே இடத்தில் இரவே கூடியிருந்தால் ஐந்து நிமிடம் தாராளம். ஆகவே 7.23-க்குக் காலணியிடம் வந்தாக வேண்டும்.

இனி, பெரும்பாலான வீடுகளில் யாருமே கணக்கில் சேர்க்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். வயிற்றில் உணவு விழுந்தவுடன் குடலும் அசையத் தொடங்குவது உடலின் இயற்கை. காலை உணவுக்குப் பின் பத்து இருபது நிமிடத்தில் பல பிள்ளைகளுக்கு மலம் கழிக்கும் உணர்வு வருவது இதனால்தான். அந்த வேளையில் வாசலில் ஆரன் ஒலி கேட்டால் குழந்தை அதை அடக்கிக்கொண்டு வண்டியேறிவிடுகிறாள். பள்ளியில் போகக் கூச்சம். மாலை வரை அடக்கிவிடுகிறாள். இப்படி நாள்தோறும் அடக்கினால் மலச்சிக்கல் வரும், வயிற்று வலி வரும். காலையில் வயிற்று வலி என்று அடிக்கடி சொல்லும் பிள்ளையைப் பள்ளிக்குச் செல்ல மனமில்லாதவள் என்று எண்ணிக் கடிந்துகொள்ளும் முன், சாப்பாட்டுக்கும் காலணிக்கும் இடையில் அவளுக்கு எத்தனை நிமிடம் கிடைக்கிறது என்று பார்ப்பது நல்லது. இந்த வீட்டில் அதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கினோம். தேவையில்லாத நாளில் அது வெறும் ஓய்வாக இருந்துவிட்டுப் போகட்டும். ஏதேனும் ஒன்று பிசகினால் தாங்கிக்கொள்ளும் இடமும் அதுவே. ஆக, 7.13-க்குத் தட்டிலிருந்து எழ வேண்டும்.

சாப்பாட்டுக்கு இருபது நிமிடம். மூத்தவள் பன்னிரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவாள். இளையவளுக்கு இருபதும் வேண்டும். அவளை விரட்டினால் மெல்லாமல் விழுங்குவாள். அவ்வாறு விழுங்கிவிட்டு உடனே ஓடி, குலுங்கும் வண்டியில் ஏறும் பிள்ளைகளில் சிலர் பாதி வழியில் வாந்தியெடுப்பதைப் பேருந்தில் வரும் நாங்கள் எல்லோரும் அறிவோம். ஆகவே 6.53-க்குத் தட்டு முன்னால் இருக்க வேண்டும்.

இதுவரை நேர்க்கோடாக வந்தோம். இனித்தான் கணக்கு கிளை பிரிகிறது. 6.53-க்கு முன் இரு பிள்ளைகளும் குளித்து, சீருடை அணிந்து, சடை பின்னி முடித்திருக்க வேண்டும்; அடுக்களையில் இட்டலியும் தயாராகியிருக்க வேண்டும். ஐந்து பேர் ஒரே வேளையில் வெவ்வேறு வேலை செய்யலாமே, நேரம் மிச்சமாகுமே என்று தோன்றும். ஆனால் அந்த வீட்டில் இரண்டு மட்டும் எல்லோருக்கும் பொது. ஒன்று அந்த ஒற்றைக் குளியலறை. மற்றொன்று தாயின் இரண்டு கைகள். அவசரம் என்பது எங்கே உண்டாகிறது என்று ஒரு வாரம் கவனித்ததில், ஏறக்குறைய ஒவ்வொரு தடவையும் இவ்விரண்டில் ஒன்றின் முன்னால் யாரோ காத்து நிற்பதைக் கண்டோம்.

குளியலறையின் தீர்வு எளிது. 7.28-க்கு முன் வெளியே செல்பவர்களுக்கே அது முதலில் உரியது. தந்தை பிள்ளைகள் போன பிறகு குளிக்கலாம். எட்டேகாலுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. அப்பாயி ஒன்பது மணிக்குக் குளிப்பதையே விரும்புகிறார். தாய் மட்டும் குளிக்காமல் அடுப்படிக்குச் செல்வதில்லை. ஆகவே அவர் ஐந்தரைக்குள் முடித்துவிடுகிறார். மீதமுள்ள நேரம் சகோதரியர் இருவருக்கு. மூத்தவளுக்குப் பத்து நிமிடம், இளையவளுக்குப் பன்னிரண்டு. மார்கழி, தை மாதக் குளிரில் வெந்நீர் கேட்டால் அதற்கும் ஒரு கணக்குண்டு. 15 லிட்டர் கொள்ளும் 2,000 வாட் மின்கொதிகலன் ஒரு கொப்பரை நீரைச் சூடாக்க ஏறத்தாழக் கால் மணி நேரம் எடுக்கும். முதல் குளியலுக்கே முழுவதையும் திறந்து ஊற்றிவிட்டால் அடுத்தவள் துண்டோடு காத்து நிற்க வேண்டியதுதான். வாளியில் குளிர்ந்த நீர் கலந்து பாதிப் பாதியாகப் பகிர்ந்தால் ஒரே சூட்டில் இருவரும் குளித்து முடிக்கலாம். அதே வேளையில் குழாயில் மாநகராட்சித் தண்ணீர் வருவதால், அதைப் பிடித்து நிரப்பும் பொறுப்பைத் தந்தை எடுத்துக்கொண்டார்.

தாயின் கைகள்தாம் கடினமான பகுதி. அவற்றின் மேல் சமையலும் விழுகிறது, இரண்டு தலைகளும் விழுகின்றன. இரட்டைச் சடை பின்னி, மடித்து, ரிப்பன் கட்ட மூத்தவளின் நீண்ட கூந்தலுக்குப் பதினெட்டு நிமிடம் ஆயிற்று; இளையவளுக்குப் பன்னிரண்டு. மொத்தம் அரை மணி நேரம்! இதில் உண்மையாகப் பின்னுவதற்கு ஆவது பாதிக்கும் குறைவு, சிக்கெடுப்பதே பெரும்பகுதி. சிக்கை இரவு உறங்குமுன் எடுத்து, துளி எண்ணெய் தடவி, தளர்வாக ஒற்றைச் சடை போட்டுவிட்டால் தலையணையில் உரசிச் சிக்காவதில்லை. காலையில் மூத்தவளுக்குப் பத்து நிமிடம் போதுமானதாயிற்று. தலைக்குக் குளிப்பதைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். ஈரக் கூந்தலை இறுக்கிப் பின்னினால் மாலை வரை உலராது. வாடையும் வரும், தலையும் நோகும்.

இளையவளின் தலையை அப்பாயி ஏற்றுக்கொண்டார். அவருக்குப் பார்வை சற்று மங்கல். வகிடு நேராக வருமா என்று தயங்கினார். வகிடு எடுத்துக் கூந்தலை இரண்டாகப் பிரித்துத் தருவதை மூத்தவள் செய்வதென்று ஏற்பாடாயிற்று. அதற்கு ஒரு நிமிடம். அதன் பின் பின்னுவதற்குக் கண் எதற்கு? ஐம்பது ஆண்டுகளாகப் பின்னிய விரல்கள் தாமே வழி கண்டுகொள்கின்றன. தாய் பின்னுவதைவிட அவர் மெதுவாகத்தான் பின்னுகிறார். சிக்கு முந்தைய இரவே எடுத்தாயிற்று என்றாலும் பன்னிரண்டு நிமிடம் ஆகிறது. ஆனால் அந்தப் பன்னிரண்டு நிமிடமும் தாயின் கைகளிலிருந்து இறங்கிவிட்டதல்லவா? அவசரத்தைப் போக்க வேகமான கைகளைத் தேட வேண்டியதில்லை. வேறு கைகள் கிடைத்தால் போதும்.

இப்போது சமையல். பகல் உணவாகப் புளியோதரை. காலைக்கு இட்டலியும் சட்டினியும். உணவுப் பெட்டியை மூடும் நேரத்திலிருந்து பின்னோக்கி வருவோம். பெட்டி 7.15-க்கு மூடிப் பையருகே இருக்க வேண்டும். சோற்றைச் சூடாக அள்ளி உடனே மூடினால் ஆவி மூடியில் நீராகக் கோத்து மீண்டும் சோற்றில் சொட்டும். பள்ளியில் பகலில் திறக்கும்போது சோறு கொழகொழவென்றிருக்கும். வெயில் நாட்களில் கெட்டும் போகும். ஆகவே அகன்ற தாம்பாளத்தில் பரப்பி ஆற விட வேண்டும். சூடு தணிந்தபின் புளிக்காய்ச்சலைக் கலந்தால் பருக்கை உடையாது. இதற்கெல்லாம் சேர்த்து நாற்பது நிமிடம் வைத்துக்கொண்டால் 6.35-க்குக் குக்கரைத் திறந்தாக வேண்டும். ஆவி தானே அடங்கப் பன்னிரண்டு நிமிடம் என்றால் 6.23-க்கு அடுப்பை அணைக்க வேண்டும். வேகக் கால் மணி நேரம், ஆகவே 6.08-க்கு ஏற்ற வேண்டும். அரிசி ஊற இருபது நிமிடம், 5.48-க்குக் களைந்து ஊறப்போட வேண்டும். எண்ணிப் பாருங்கள்: பெட்டியை மூடுவதற்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் முன்பே அரிசி நீரில் விழுந்தாக வேண்டும். அந்த வீட்டின் மிக நீண்ட சங்கிலி இதுவே. ஆனால் இதில் தாயின் கைகள் தேவைப்படுவதோ பத்து நிமிடத்துக்கும் குறைவு. மீதி நேரமெல்லாம் அரிசி தானே ஊறுகிறது, தானே வேகிறது, தானே ஆறுகிறது.

கைகளுக்கு வேலையில்லாத இப்படிப்பட்ட இடைவெளிகளைக் கண்டுபிடிப்பதே இந்தக் கணக்கின் சுவையான பகுதி. அரிசி வேகும்போது சட்டினி அரைபடுகிறது. தேங்காய் இரவே துருவி வைத்ததால் ஐந்து நிமிட வேலை. 6.35-க்குச் சோற்றைப் பரப்பிவிட்டு 6.38-க்கு இட்டலித் தட்டுகளைக் கொப்பரையில் இறக்கி மூடுகிறார். இட்டலி வேகப் பத்துப் பன்னிரண்டு நிமிடம். மூத்தவளின் சடைக்கும் பத்து நிமிடம். தாய் அடுக்களை வாயிற்படியில் அமர்ந்து பின்னத் தொடங்கினால், இரண்டாவது ரிப்பனின் முடிச்சு விழும்போது இட்டலி வெந்திருக்கிறது. 6.50-க்கு அணைத்து, மூன்று நிமிடம் ஆற விட்டால் துணியிலிருந்து ஒட்டாமல் வரும். 6.53-க்குத் தட்டு!

சமையல் வேறாக இருந்தால் இந்தப் பொருத்தம் அமையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தோசை என்றால் தாய் கல்லை விட்டு நகர முடியாது. கைகள் இருபது நிமிடம் அங்கேயே கட்டுண்டு விடும்; மூத்தவளின் சடை பின்னல் நிற்கும். அதனால் இந்த வீட்டில் தோசை மாலைக்கும் விடுமுறை நாட்களுக்கும் போயிற்று. இளையவளுக்கு இதில் வருத்தந்தான். வாரத்தில் ஒரு நாளாவது காலையில் தோசை வேண்டும் என்று கேட்டாள். தந்தை கல்லருகே நிற்கச் சம்மதித்ததால் வெள்ளிக்கிழமை அவளுக்கு உரியதாயிற்று. அந்த வெள்ளித் தோசைகளின் வடிவத்தைப் பற்றி நாங்கள் எதுவும் எழுதுவதாக இல்லை.

இனி பிள்ளைகளிடம் திரும்புவோம். இளையவள் 6.38-க்கு அப்பாயி முன் அமர வேண்டும். சீருடை அணியப் பத்து நிமிடம். குளியல் முடிவது 6.27, அப்படியானால் 6.15-க்குக் குளியலறைக்குள் நுழைய வேண்டும். அதற்கு முன் பல் துலக்கவும், காலைக்கடனுக்கும், உறக்கக் கலக்கம் தெளியவும் கால் மணி நேரம். ஆகவே அவள் எழ வேண்டியது 6 மணிக்கு. மூத்தவள் 6.15-க்குள் குளியலறையைக் காலி செய்ய வேண்டுமாதலால் 5.50-க்கு எழ வேண்டியிருக்கிறது. குளித்துச் சீருடை அணிந்தபின் அவளுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் மிச்சம் இருக்கிறது. அப்படியானால் இன்னும் பத்து நிமிடம் தூங்கட்டுமே என்றால், முடியாது. குளியலறை வரிசை அவளை எழுப்பிவிடுகிறது. மிஞ்சிய நேரத்தில் தண்ணீர்ப் புட்டிகளை நிரப்பிவிட்டு, அன்றைய பாடத்தை ஒரு தடவை புரட்டிவிட்டு, தங்கைக்கு வகிடு எடுக்கப் போகிறாள்.

எழும் நேரம் கிடைத்துவிட்டது. கணக்கு முடிந்ததல்லவா என்று கேட்கலாம். முடியவில்லை. எழுவதற்கு முன்னால் உறக்கம் இருக்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு நாள் ஒன்றுக்கு 9 முதல் 12 மணி நேர உறக்கமும், பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரை 8 முதல் 10 மணி நேர உறக்கமும் வேண்டும் என்று அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016-இல் பரிந்துரைத்துள்ளது. இளையவள் ஆறு மணிக்கு எழ வேண்டுமென்றால், குறைந்த அளவான ஒன்பது மணி நேரத்துக்கே, ஒன்பது மணிக்கு உறங்கியிருக்க வேண்டும். படுத்தவுடன் யாரும் உறங்கிவிடுவதில்லை. ஆகவே எட்டே முக்காலுக்கு விளக்கை அணைக்க வேண்டும். அதற்கு முன் சிக்கெடுத்துச் சடை போடுவது, பையை அடுக்குவது, சீருடையை எடுத்து வைப்பது, காலுறைகளை இணை சேர்ப்பது ஆகியவற்றுக்கு அரை மணி நேரம். இரவு உணவுக்கு முப்பது நிமிடம் என்றால், 7.45-க்கு அவள் தட்டின் முன் அமர வேண்டும்.

ஆக, மறுநாள் காலை 7.36-க்கு வரக்கூடிய பேருந்து, முந்தைய நாள் இரவு முக்கால் மணி குறைய எட்டரை மணிக்கே, அதாவது 7.45-க்கே, அந்த வீட்டைத் தொட்டுவிடுகிறது. முன்பு அந்த வீட்டில் தந்தை வந்தபின் எல்லோரும் சேர்ந்து ஒன்பது மணிக்கு உண்பது வழக்கம். காலை அவசரத்துக்கு அதுதான் வேர் என்று யாரும் நினைக்கவே இல்லை. இளையவளை எழுப்புவதுதான் பெரும்பாடு, அவள் சோம்பேறி என்பதே வீட்டாரின் முடிவாக இருந்தது. பத்தரைக்கு உறங்கிய குழந்தை ஆறு மணிக்கு எழ மறுத்தால் அதைச் சோம்பல் என்று சொல்லலாகுமா? உறக்கம் போதுமான பிள்ளையை ஒரு தடவை அழைத்தால் எழுந்து உட்காருவாள். விடுமுறை நாளில் வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் கூடுதலாக உறங்குகிறாள் என்றால், வாரம் முழுவதும் அவள் உறக்கம் குறைந்திருக்கிறது என்று அறிந்துகொள்ளலாம். இப்போது பிள்ளைகள் இருவரும் அப்பாயியுடன் முன்னதாக உண்டுவிடுகிறார்கள். ஐவரும் சேர்ந்து உண்பது சனி, ஞாயிறு என்று ஆயிற்று. தந்தைக்கு இது ஓர் இழப்பே. அதை நாங்கள் மறைக்கவில்லை. அதற்கு ஈடாகக் காலை நடையில் அவர் பிள்ளைகளோடு நிறுத்தம் வரை வருகிறார்.

இவ்வளவு நேரங்களையும் யார் நினைவில் வைத்துக்கொள்வது? வேண்டியதில்லை. மூன்றை மட்டும் அடுக்களைக் கதவில் எழுதி ஒட்டினோம்: இளையவள் குளியலறைக்குள் 6.15, தட்டு 6.53, காலணி 7.23. எங்கேனும் பிசகினால் இம்மூன்றில் எது முதலில் தவறுகிறது என்று பார்த்தால் போதும். 6.15 தவறினால் குற்றம் காலையில் இல்லை; முந்தைய இரவில் உறக்கம் தள்ளிப்போயிருக்கிறது. 6.15 சரியாக இருந்து 6.53 தவறினால் அடுக்களையிலோ சடையிலோ சிக்கல். அந்த இரண்டும் சரியாக இருந்து 7.23 தவறினால் பையோ காலுறையோ இரவே எடுத்து வைக்கப்படவில்லை. முதல் இரண்டு வாரங்களில் 6.15 மூன்று தடவை தவறியது. மூன்றும் இரவில் விருந்தினர் வந்து சென்ற நாட்கள்.

சில வீடுகளில் சுவர்க் கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னதாக ஓட விடுகிறார்கள். முதல் வாரம் அது பயன் தரும். அதன் பின் வீட்டிலுள்ள அனைவரும் மனத்துக்குள் பத்தைக் கழித்துக்கொள்கிறார்கள். சிலர் பதினைந்தைக் கழித்துவிடுகிறார்கள். அதைவிடச் சரியான நேரம் காட்டும் கடிகாரமும், சாப்பாட்டுக்குப் பின் அந்தப் பத்து நிமிடமுமே நம்பத்தக்கவை.

மழைக்காலத்தில் நடை ஏழு நிமிடத்திலிருந்து பதினொன்றாகிறது. ஐப்பசி, கார்த்திகையில் அந்த நான்கு நிமிடத்தை ஓய்வு நேரத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். மின்சாரம் இல்லாமல் அரவை இயந்திரம் ஓடாத நாளில் மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் போதும். ஆனால் விளையாட்டு விழா போன்ற நாட்களில் பேருந்து இருபது நிமிடம் முன்னதாக வந்தால் ஓய்வு நேரம் போதாது. அப்போது பின்னோக்கிக் கணக்கின் எல்லா எண்களும், இரவு விளக்கணைப்பது உட்பட, இருபது நிமிடம் நகர வேண்டும். சாப்பாட்டையோ உறக்கத்தையோ வெட்டி அதை ஈடு செய்ய முயன்றால் முதலில் வாடுவது இளையவளே. அந்த நாட்களில் புளியோதரைக்குப் பதில் இரவே சுட்ட சப்பாத்தியைக் கொடுத்தனுப்பலாம். ஊறவும் வேகவும் ஆறவும் காத்திருக்க வேண்டியதில்லை.

ஒரு செய்தி மீதமிருக்கிறது. இந்தக் கணக்கைத் தொடங்கும்போது, "நீங்கள் காலையில் எப்போது சாப்பிடுகிறீர்கள்?" என்று அந்தத் தாயைக் கேட்டோம். "அலுவலகத்தில் பதினொரு மணிக்கு ஏதாவது" என்றார், சிரித்துக்கொண்டே. இப்போது 7.28-க்குப் பிள்ளைகள் படியிறங்குகிறார்கள். பாத்திரத்தில் அவருக்கென்று நான்கு இட்டலிகள் சூடாகவே இருக்கின்றன. பிள்ளைகளோடு நிறுத்தம் வரை சென்ற தந்தை திரும்பி வரப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். அப்பாயி அருகில் அமர்ந்து, தட்டில் சட்டினி ஊற்றுகிறார்.